99 சதவீதம் போதாது: புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் இ.எஸ்.பி. எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் அடிக்கடி போய் வருபவர்கள், உருண்டை வயிறு மாதிரி தொட்டி வைத்த பல்கர் லாரிகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் பலவற்றில் போவது சிமென்ட். சிலவற்றில் போவது, பார்க்க சிமென்ட் மாதிரியே இருக்கும் சாம்பல்தான். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த பிறகு புகையோடு பறந்து போக இருந்த இந்தச் சாம்பலை, புகைபோக்கிக்கு முன்னாலேயே மடக்கிப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஃப்ளை ஆஷ், தமிழில் பறக்கும் சாம்பல்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கும் இந்தச் சாம்பலுக்கும் இரண்டு வழியில் தொடர்பு. சுமார் 90 கிலோமீட்டர் தெற்கே தூத்துக்குடியில் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும், விருதுநகர் தாண்டி ஆர்.ஆர்.நகரில் சிமென்ட் ஆலையும் இருக்கின்றன. இந்திய தர விதிப்படி பி.பி.சி. வகை சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை பறக்கும் சாம்பல் கலக்கலாம். அதனால் பிடிபட்ட சாம்பலுக்கு விலை இருக்கிறது. பிடிபடாமல் போகும் சாம்பல்தான் பிரச்சினை.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இயந்திரத்தின் பெயர் எலெக்ட்ரோஸ்டேட்டிக் பிரெசிபிடேட்டர், சுருக்கமாக இ.எஸ்.பி. பிளஸ் 2 வேதியியல் படித்தவர்களுக்கு இது ‘காட்ரெல் வீழ்படிவாக்கி’ என்ற பெயரில் நினைவிருக்கலாம். ‘99 சதவீதம் சாம்பலைப் பிடித்துவிடுகிறோம்’ என்று ஒரு மின்நிலையம் சொன்னால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? கெட்ட செய்தி. ஏன் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இ.எஸ்.பி.யை வெளியிலிருந்து பார்த்தால் பல மாடி உயர இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே வரிசை வரிசையாக உயரமான இரும்புத் தகடுகள் தொங்கும். பக்கத்துத் தகடுகளுக்கு இடையே 30 அல்லது 40 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியின் நடுவில் மெல்லிய கம்பிகள். தகடுகள் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். கம்பிகளுக்கோ பல பத்தாயிரம் வோல்ட் எதிர்மின் அழுத்தம் கொடுக்கப்படும். நம் வீட்டு சுவிட்ச் போர்டில் இருப்பது 230 வோல்ட். இங்கே 50,000, 60,000 வோல்ட் எல்லாம் சாதாரணம்.

அவ்வளவு அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள வாயு லேசாக ஊதா நிறத்தில் மின்ன ஆரம்பிக்கும். இதற்கு கொரோனா என்று பெயர் (வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). அந்த மின்னலில் கிளம்பும் எலெக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளில் ஒட்டிக்கொள்ளும். அவை சாம்பல் துகள்களில் போய் ஒட்டும். மின்னேற்றம் ஏறிய துகளைத் தகடு தன் பக்கம் இழுக்கும். துகள் தகட்டில் படியும். கொஞ்சம் தடிமனாகப் படிந்ததும், தகட்டைச் சுத்தியல் மாதிரி ஒரு கருவி தட்டும். சாம்பல் பாளம் பாளமாக அடியில் உள்ள கூம்பு வடிவத் தொட்டியில் விழும். இந்தத் தொட்டியை ஆலைகளில் ‘ஹாப்பர்’ என்பார்கள். அங்கிருந்து குழாய் வழியாகக் காற்றழுத்தத்தில் சாம்பல் கிடங்குக்குப் போகும். அடுத்து பல்கர் லாரி.

இதில் வேகம் முக்கியம். குழாயில் வேகமாக வரும் புகை, இ.எஸ்.பி.க்குள் நுழைந்ததும் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குத் தணிய வேண்டும். அதாவது ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. துகளுக்குத் தகடு வரை நகர நேரம் வேண்டுமே! பெட்டி இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தியாவின் பல மின்நிலையங்களுக்கு இந்தப் பெட்டிகளைச் செய்து கொடுப்பது நம்ம ராணிப்பேட்டை பெல் ஆலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 1979 முதல் 1992 வரை படிப்படியாக வந்த ஐந்து அலகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். அந்த அளவில் ஓர் அலகு முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். இது அந்த நிலையத்தின் அளவீடு அல்ல. இந்திய நிலக்கரியை எரிக்கும் எந்த 210 மெகாவாட் அலகுக்கும் தோராயமாகப் பொருந்தும் கணக்கு.

மணிக்குச் சுமார் 140 டன் நிலக்கரி எரியும். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 56 டன் சாம்பல். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியிலேயே விழுந்துவிடும். மீதி 45 டன் புகையோடு பறக்கும். ஒவ்வொரு மணி நேரமும் 45 டன்!

புகையின் அளவு மணிக்குச் சுமார் 8.3 லட்சம் கன மீட்டர். (சூடான வாயு விரியும் என்பதால், பூஜ்ஜியம் டிகிரியிலும் சாதாரண காற்றழுத்தத்திலும் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிக் கணக்கிடுவது வழக்கம்.) அப்படியானால் ஒரு கன மீட்டர் புகையில் 54 கிராம் சாம்பல். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் கொண்டுவந்த விதிப்படி, 2003-க்குள் வந்த பழைய அலகுகள் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வெளியே விடக்கூடாது. 54 கிராம் என்பது 54,000 மில்லிகிராம். அதை 100-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் 99.8 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே பிடிக்க வேண்டும்.

இப்போது அந்த 99 சதவீதத்துக்கு வருவோம். 99 சதவீதம் பிடித்தால் தப்பிப்பது ஒரு சதவீதம், அதாவது 540 மில்லிகிராம். வரம்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். எடையில் சொன்னால், விதிப்படி ஓடும்போதே மணிக்கு 83 கிலோ சாம்பல் வெளியே போகிறது. 99 சதவீதத்தில் ஓடினால் 450 கிலோ. காகிதத்தில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. வெளியே மூச்சு விடுபவருக்கு ஐந்து மடங்கு.

ஒரே ஒரு ‘ஃபீல்டு’ போனால்?

இ.எஸ்.பி. ஒரே பெட்டி மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகப் பல பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி மின்சாரம். இந்தப் பகுதிகளை ஆலைக்காரர்கள் ‘ஃபீல்டு’ என்பார்கள். ஏழு ஃபீல்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு ஃபீல்டும் தன்னிடம் வந்து சேரும் சாம்பலில் ஏறத்தாழ ஒரே பங்கைப் பிடிக்கும். இதுதான் 1922-ல் ஜெர்மனியின் டாய்ச் கொடுத்த சூத்திரத்தின் சாரம். மேலே சொன்ன 54 கிராம், ஏழு ஃபீல்டு தாண்டி 0.1 கிராம் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொன்றும் 59 சதவீதம் பிடித்தால் போதும். முதல் ஃபீல்டு தாண்டினால் 22 கிராம். இரண்டாவது தாண்டினால் 9. அப்புறம் 3.6, 1.5, 0.6, 0.25, கடைசியில் 0.1.

இதில் ஒரு ஃபீல்டு செத்துவிட்டால்? சங்கிலி ஆறோடு நின்றுவிடும். வெளியே வருவது 0.1 கிராம் இல்லை, 0.25 கிராம். அதாவது 250 மில்லிகிராம். நிஜத்தில் புகை பல தடங்களாகப் பிரிந்து போகும் என்பதால் அடி இவ்வளவு பலமாக விழாது. நான்கு தடங்களில் ஒன்றில் மட்டும் ஒரு ஃபீல்டு போயிருந்தால் சராசரி சுமார் 137 மில்லிகிராம் ஆகும். மொத்தம் 28 பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் நின்றிருக்கிறது. ஆனாலும் வரம்பு தாண்டியாச்சு. இயந்திரம் வாங்கும்போது ஒன்றிரண்டு ஃபீல்டு நின்றாலும் சமாளிக்கும் அளவுக்குக் கூடுதலாக வாங்கியிருந்தால்தான் தப்பிக்கலாம்.

ஃபீல்டு ஏன் சாகிறது? பெரும்பாலும் காரணம் மின்சாரத்தில் இல்லை, கீழே உள்ள ஹாப்பரில். மணிக்கு 45 டன்னில் 26 டன் முதல் வரிசை ஹாப்பர்களில்தான் விழும். சாம்பலை இழுக்கும் குழாய் அடைத்துக்கொண்டாலோ, சாம்பல் குளிர்ந்து ஈரம் பட்டுக் கட்டியானாலோ, ஹாப்பர் நிரம்பி மேலே ஏறும். கம்பியையும் தகட்டையும் சாம்பலே இணைத்துவிடும். ஷார்ட் சர்க்யூட். அந்த ஃபீல்டு தானாக நின்றுவிடும். அடைப்பு எடுத்த பிறகும், சாம்பலின் எடையில் தகடு வளைந்திருந்தால் பழைய அழுத்தம் ஏறாது. அலகை நிறுத்தி, உள்ளே ஆள் இறங்கிச் சரிசெய்யும் வரை அது அரைகுறையாகத்தான் ஓடும்.

நம்ம நிலக்கரியின் தனிக் குணம்

எல்லா ஃபீல்டும் ஓடுகிறது. ஹாப்பர் காலி. ஆனாலும் புகை வருகிறது. இதற்குக் காரணம் சாம்பலே.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. பெரும்பாலும் அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். கந்தக டை ஆக்சைடு மாசு குறையும் என்பதால் இது நல்லது. ஆனால் இ.எஸ்.பி.க்கு இது கெட்டது. கந்தகம் அதிகமான நிலக்கரியில் அதன் சிறு பங்கு கந்தக டிரை ஆக்சைடு ஆகி, ஈரத்தோடு சேர்ந்து சாம்பல் துகள் மேல் மெல்லிய அமிலப் படலம் போடும். அந்தப் படலத்தில் மின்சாரம் ஓடும். நம் நிலக்கரியில் அந்தப் படலம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தாமல் பிளாஸ்டிக் மாதிரி அடம்பிடிக்கும். புகை இ.எஸ்.பி.க்கு வரும்போது இருக்கும் 130, 150 டிகிரி வெப்பத்தில்தான் இந்த மின்தடை உச்சத்துக்குப் போகிறது என்பது இன்னொரு சிக்கல்.

மின்தடை அதிகமான சாம்பல் தகட்டில் படிந்தால், அது கொண்டுவந்த மின்னேற்றம் பூமிக்கு இறங்காமல் மேலேயே தேங்கும். அடுக்கு தடிக்கத் தடிக்க அழுத்தம் கூடி, ஒரு கட்டத்தில் சாம்பல் அடுக்கே ஆங்காங்கே வெடிக்கும். அந்த ஓட்டைகளிலிருந்து எதிர்த்திசையில் நேர்மின் அயனிகள் கிளம்பி, வந்துகொண்டிருக்கும் துகள்களின் மின்னேற்றத்தை அழித்துவிடும். இதற்கு ‘பேக் கொரோனா’ என்று பெயர். பிடிக்க வேண்டிய தகடே துகளைத் திருப்பி விரட்டுகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? கன்ட்ரோல் ரூமில் இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும். ஆரோக்கியமான ஃபீல்டில் கரன்ட்டைக் கூட்டினால் வோல்ட்டும் கூடும். பேக் கொரோனா வந்த ஃபீல்டில் கரன்ட் ஏற ஏற வோல்ட் இறங்கும். அனுபவம் இல்லாதவர் ‘புகை வருது, இன்னும் கரன்ட் கொடு’ என்று கூட்டுவார். புகை இன்னும் மோசமாகும். சரியான வைத்தியம் நேர்மாறானது. மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாகக் கொடுக்க வேண்டும். ஒரு துடிப்பு, பிறகு சில துடிப்பு நேரம் ஓய்வு. ஓய்வு நேரத்தில் தேங்கிய மின்னேற்றம் இறங்கிவிடும். மின்சாரச் செலவும் குறையும், புகையும் குறையும்.

இன்னொரு வழி, புகையில் மிகக் கொஞ்சமாக அமோனியா செலுத்துவது. இந்திய மின்நிலையங்கள் பலவற்றில் இது நடைமுறையில் இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் பெட்டியையே பெரிதாக்க வேண்டும், ஃபீல்டு கூட்ட வேண்டும். நிலக்கரி மாறினாலும் நிலைமை மாறும். சாம்பல் குறைந்த இறக்குமதி நிலக்கரியை எரிக்கும் வாரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். உள்நாட்டு நிலக்கரிக்கு மாறிய வாரத்தில் அதே இயந்திரம் திணறும்.

வறண்ட நிலத்தில் தண்ணீர்க் கேள்வி

சிமென்ட் சூளைப் புகையிலும் இதே மின்தடைப் பிரச்சினை உண்டு. அங்கே வழக்கமான தீர்வு தண்ணீர். சூளையிலிருந்து 330 டிகிரி சூட்டில் வரும் புகை, சாதாரணமாகச் சுண்ணாம்புக்கல் அரைக்கும் ஆலை வழியாகப் போகும். ஈரக் கல்லை உலர்த்தும்போது புகை தானாகக் குளிர்ந்து ஈரமாகும். அரவை ஆலை நிற்கும் நேரத்தில் அந்த ஈரம் கிடைக்காது. அப்போது உயரமான ஒரு கோபுரத்தில் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்துப் புகையை 150 டிகிரிக்கு இறக்கி, அப்புறம் இ.எஸ்.பி.க்கு அனுப்புவார்கள்.

எவ்வளவு தண்ணீர்? நாளுக்கு 3,000 டன் கிளிங்கர் எடுக்கும் சூளை என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்குச் சுமார் 19,000 லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் மணிக்கு ஒன்றரை லாரிக்கும் கொஞ்சம் மேல். கண்மாய் பெருகினால்தான் விவசாயம் என்றிருக்கும் திருச்சுழி மாதிரி வட்டாரத்தில் இது லேசான விஷயம் இல்லை. தெளிப்பைக் குறைத்தால் புகை, குறைக்காவிட்டால் நிலத்தடி நீர்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சூளையில் எரிப்பு சரியாக இல்லாமல் கார்பன் மோனாக்சைடு கூடினால், இ.எஸ்.பி.யில் வரும் தீப்பொறி அதைப் பற்றவைத்துவிடும். அதனால் பாதுகாப்புக்காக மின்சாரம் தானாக நின்றுவிடும். அந்தச் சில நிமிடங்கள் தூசி தடையில்லாமல் வெளியே போகும். இந்த இரண்டு காரணங்களால்தான் சிமென்ட் துறை படிப்படியாகத் துணிப்பை வடிகட்டிகளுக்கு மாறிவருகிறது. மின்தடை எவ்வளவு இருந்தாலும் துணிக்குக் கவலை இல்லை, மின்சாரம் நின்றாலும் அது வடிகட்டும். ஆனால் பை கிழியும், சூடு தாங்காது, மாற்ற செலவாகும், புகையை இழுக்கும் விசிறிக்குக் கூடுதல் மின்சாரமும் வேண்டும்.

ஒரே கடற்கரை, மூன்று வரம்பு

2015 விதி வயதைப் பார்த்து வரம்பு வைக்கிறது. 2003-க்குள் வந்த அலகுகளுக்கு 100 மில்லிகிராம். 2004 முதல் 2016 வரை வந்தவற்றுக்கு 50. 2017 முதல் வருபவற்றுக்கு 30. இதன்படி தூத்துக்குடியின் பழைய 210 மெகாவாட் அலகுகளுக்கு 100. அதே ஊரில் 2015-ல் உற்பத்தி தொடங்கிய என்.டி.பி.எல். நிலையத்தின் இரண்டு 500 மெகாவாட் அலகுகளுக்கு 50. அதே மாவட்டத்தில் உடன்குடியில் கட்டப்பட்ட 660 மெகாவாட் அலகுகளுக்கு 30. காற்று ஒன்றுதான். சட்டம் மூன்று விதம்.

தப்பிப் போகும் சாம்பல் எது என்பதும் முக்கியம். கனமான துகளை இ.எஸ்.பி. சுலபமாகப் பிடித்துவிடும். ஒரு மைக்ரானுக்கும் கீழே உள்ள துகள்களிடம்தான் அது பலவீனம். கண்ணுக்குத் தெரியாமல், உயரமான புகைபோக்கியிலிருந்து வெகுதூரம் போகக்கூடியதும், நுரையீரலின் ஆழம் வரை இறங்குவதும் அந்தத் துகள்களே. பருத்தி இலையில் படியும் வெள்ளைத் தூசியைப் பார்த்துப் புகைபோக்கியைத் திட்டுவது பல நேரம் தவறாகிவிடும். அது சுரங்கத்திலிருந்தோ, லாரி போன மண் சாலையிலிருந்தோ வந்திருக்கலாம்.

எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

புகைபோக்கியைப் பார்த்தே சிலவற்றைச் சொல்லலாம். வெள்ளையாகக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் நீராவி. சாம்பல் நிறத்திலோ பழுப்பாகவோ கிளம்பி, நீளமாக இழுத்துக்கொண்டே போனால் அது தூசி. சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘பொக்’கென்று புகை வந்து அடங்கினால், தகட்டைத் தட்டும்போது சாம்பல் கிளம்பித் தப்புகிறது என்று அர்த்தம். அலகு புதிதாகத் தொடங்கும்போது வரும் கறுப்புப் புகைக்குக் காரணம் வேறு. அப்போது எண்ணெய் ஊற்றி எரிப்பார்கள். எரியாத எண்ணெய் தகட்டில் ஒட்டித் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் இ.எஸ்.பி.க்கு உடனே முழு மின்சாரம் கொடுக்க மாட்டார்கள்.

பெரிய ஆலைகளின் புகைபோக்கியில் தூசியை நேரடியாக அளக்கும் கருவி பொருத்தியிருக்க வேண்டும். அதன் எண்கள் ஆன்லைனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிக்க வாரியத்தின் ‘கேர் ஏர் சென்டர்’ சென்னையில் இயங்குகிறது.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ, தகவல் உரிமைச் சட்ட மனுவிலோ ‘எத்தனை சதவீதம் பிடிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் 99 என்ற பதில் வரும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். கடந்த ஓராண்டில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வெளியேறியது, சராசரி மட்டும் அல்ல, மணிவாரியாக? அந்த நேரங்களில் எத்தனை ஃபீல்டுகள் ஓடவில்லை, எத்தனை நாள் ஓடவில்லை? இயந்திரம் வடிவமைத்தபோது கணக்கில் வைத்த நிலக்கரியும் இப்போது எரிக்கும் நிலக்கரியும் ஒன்றா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், முதல் இரண்டு பதில்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.